காந்தத்தை முதலில் வைத்தால்?

மீக்கடத்தி என்று தேடினால் வரும் வீடியோக்களில் பாதிக்கு மேல் ஒரே காட்சிதான். தெர்மாகோல் கிண்ணத்தில் கறுப்பாக ஒரு வில்லை. அதன்மேல் ஊற்றிய திரவ நைட்ரஜனிலிருந்து வெண்மையாக வழியும் மூட்டம். அதற்கு மேலே எதையும் தொடாமல் நிற்கும் ஒரு சின்னக் காந்தம். விளக்கமும் இரண்டு வரியில் முடிந்துவிடும்: "மீக்கடத்தியின் மின்தடை சுழியம், அது காந்தப்புலத்தை வெளியே தள்ளும். அதனால் காந்தம் மிதக்கிறது."

இந்த இரண்டு வரியோடுதான் எனக்குச் சண்டை. தடை சுழியம் என்பது ஒரு விஷயம், காந்தப்புலத்தை வெளியே தள்ளுவது இன்னொரு விஷயம். முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது. முதலாவதைக் கண்டுபிடித்தது 1911-இல், இரண்டாவதை 1933-இல். நடுவில் இருந்த 22 வருடமும் உலகத்தின் நல்ல இயற்பியலாளர்கள் பலர் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலிருந்தே எல்லாம் வந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிளஸ் டூவில் மின்காந்தத் தூண்டல் பாடத்தை முடித்தவர் யாரும் இவ்விரண்டையும் ஒரே கேள்வியால் பிரித்துவிடலாம். காந்தத்தை எப்போது வைத்தீர்கள்? வில்லையைக் குளிரவைத்த பிறகா, அதற்கு முன்பா?

அதற்கு முன்னால் ஒரு தவறான விளக்கத்தை ஓரங்கட்டிவிடுவோம். "ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும், அதனால் மிதக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் இரண்டு காந்தம் இருந்தால் செய்து பாருங்கள். வடக்குக்கு மேல் வடக்கை வைத்துவிட்டுக் கையை எடுத்தால், மேலே இருப்பது ஒரு பக்கமாக நழுவி, புரண்டு, கீழே இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை காந்தங்களை எப்படி அடுக்கினாலும், நிலையாக நிற்கும் ஓர் இடம் கிடைக்காது. இதை எர்ன்ஷா 1842-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கறுப்பு வில்லைக்கு மேலே உள்ள காந்தமோ நழுவுவதுமில்லை, புரளுவதுமில்லை. தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் மிதக்கிறது. எனவே வில்லைக்குள் இருப்பது நிலையான ஒரு காந்தம் அல்ல. காந்தம் எப்படி வருகிறதோ அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும் ஏதோ ஒன்று.

சரி, முதல் சோதனை. வில்லையை முன்னதாகவே குளிரவைத்துவிட்டு, பிறகு காந்தத்தைக் கொண்டுவருகிறோம்.

வில்லைக்குப் பதில் முதலில் தடிமனான செம்புத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பைக் காந்தம் இழுக்காது. ஆனால் வலுவான நியோடிமியம் காந்தத்தைச் செம்புத் தகட்டின் மேல் விட்டால், கடைசி ஒரு சென்டிமீட்டரில் அது தயங்கித் தயங்கித்தான் இறங்கும். காரணம் பாடத்தில் படித்ததுதான். காந்தம் நெருங்க நெருங்கத் தகட்டின் ஊடே போகும் காந்தப்பாயம் மாறுகிறது. அந்த மாற்றத்தை எதிர்க்கும் திசையில் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் கிளம்புகிறது. லென்ஸ் விதி. அந்த மின்னோட்டமே ஒரு மின்காந்தம்போல் ஆகி, வருகிற காந்தத்தை மேலே தள்ளுகிறது. திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்த செம்பாக இருந்தால் தயக்கம் இன்னும் கூடும், ஏனென்றால் அந்தக் குளிரில் செம்பின் தடை அறை வெப்பநிலையில் இருப்பதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஆனாலும் காந்தம் கடைசியில் தகட்டைத் தொட்டுவிடும். ஏன்? தகட்டில் தடை இருக்கிறது. மின்னோட்டம் கிளம்பியவுடனே வெப்பமாக மாறித் தேய ஆரம்பிக்கிறது. காந்தம் அசைந்துகொண்டே இருந்தால்தான் புது மின்னோட்டம் வரும். நின்றால் மின்னோட்டமும் நின்றுபோகும், தாங்க ஆள் இல்லை.

இந்தத் தேய்மானம் எவ்வளவு வேகமானது என்று ஒரு கணக்கு. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியை 2 செ.மீ. விட்டமுள்ள வளையமாக வளைத்துக்கொள்வோம். அதன் தடை சுமார் ஒரு மில்லி ஓம். அதன் தன்மின்தூண்டல் எண் சுமார் 3.7 × 10⁻⁸ ஹென்றி. மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைய ஆகும் நேரம்:

τ = L / R ≈ 3.5 × 10⁻⁵ s

அதாவது ஒரு நொடியைக் கிட்டத்தட்ட முப்பதாயிரம் துண்டாக வெட்டினால் வரும் ஒரு துண்டு. அவ்வளவுதான் செம்பு வளையத்தில் மின்னோட்டத்தின் ஆயுள்.

இப்போது R-ஐச் சுழியமாக்குங்கள். τ முடிவிலி. கிளம்பிய மின்னோட்டம் தேயவே தேயாது. காந்தம் நெருங்கி வரும்போது எதிர்மின்னோட்டம் வளர்கிறது, அதன் தள்ளுவிசை காந்தத்தின் எடைக்குச் சமமானதும் காந்தம் நிற்கிறது. நின்ற பிறகும் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருப்பதால் காந்தம் அங்கேயே நிற்கிறது. ஆக, குளிர்ந்த வில்லையின் மேல் காந்தத்தைக் கொண்டுவந்தால் அது மிதப்பதற்கு, தடை சுழியம் என்ற ஒன்றே போதும். புதிதாக எந்த விதியும் வேண்டாம்.

"சுழியம் என்றால் உண்மையிலேயே சுழியமா, இல்லை ரொம்பச் சின்னதா?" என்று கேட்டால் அது நல்ல கேள்வி. 1911 ஏப்ரல் 8 அன்று நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸின் ஆய்வகத்தில் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்தார்கள். சுமார் 4.2 கெல்வினில், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், அதன் தடை திடீரென்று காணாமல் போனது. படிப்படியாகக் குறையவில்லை, ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு இடைவெளிக்குள் விழுந்துவிட்டது. ஓனஸ் தன் குறிப்பேட்டில் எழுதியது, பாதரசம் "கிட்டத்தட்ட சுழியம்" என்றுதான். கவனமான மனிதர். எந்த மீட்டரும் "என்னால் அளக்க முடிகிற அளவைவிடக் குறைவு" என்றுதான் சொல்லும், சுழியம் என்று சொல்லாது.

இதை ஆய்வகத்தில் அளக்கும்போது புதியவர்கள் சிக்கும் ஓர் இடம் உண்டு. சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை மீக்கடத்தியின் மேல் வைத்தால் ஒருபோதும் சுழியம் வராது. கம்பிகளின் தடையும், கம்பி வில்லையைத் தொடும் இடத்தின் தடையும் சேர்ந்தே மீட்டரில் தெரியும். அதனால் நான்கு முனை வைப்பார்கள். வெளியே உள்ள இரண்டின் வழியாக மின்னோட்டம் போகும். உள்ளே உள்ள இரண்டும் மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும். அந்த இரண்டின் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய போவதே இல்லை என்பதால் அவற்றின் சொந்தத் தடை கணக்கில் வராது. வெப்பநிலை இறங்க இறங்க மைக்ரோவோல்ட்டுகளில் ஆடிக்கொண்டிருக்கும் எண், மாறுநிலை வெப்பநிலையில் பொத்தென்று விழுந்து, மீட்டரின் இரைச்சலோடு கலந்துவிடும்.

இதைவிடக் கூர்மையான வழி, மீட்டரையே விட்டுவிட்டுக் காலத்தைக் கொண்டு அளப்பது. மீக்கடத்தியால் செய்த வளையத்திலோ சுருளிலோ மின்னோட்டத்தைச் சுற்றவிட்டு, மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அதன் காந்தப்புலம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓனஸே 1914-இல் ஈயக் கம்பிச் சுருளை வைத்து, பக்கத்தில் ஒரு காந்த ஊசியை வைத்து இதைச் செய்தார். ஊசி அசையவில்லை. 1963-இல் ஃபைல், மில்ஸ் என்ற இருவர் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் இன்னும் நுட்பமாக அளந்து, மின்னோட்டம் தேய்வதற்கான காலம் ஒரு லட்சம் வருடத்துக்குக் குறையாது என்றார்கள். செம்பு வளையத்தில் முப்பதாயிரத்தில் ஒரு நொடி, இங்கே ஒரு லட்சம் வருடம். "ரொம்பச் சின்ன தடை" என்று யாராவது இன்னும் வாதாடினால் நான் விட்டுவிடுவேன்.

இப்போது இரண்டாவது சோதனைக்கு வருவோம். அறை வெப்பநிலையில் இருக்கும் வில்லையின் மேல் காந்தத்தை முதலிலேயே வைத்துவிடுகிறோம். அது வில்லையின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதன் புலம் வில்லைக்குள் தாராளமாகப் புகுந்து போகிறது. அப்புறம்தான் நைட்ரஜனை ஊற்றுகிறோம்.

தடை சுழியம் என்பது மட்டும்தான் விதி என்றால் என்ன நடக்க வேண்டும்? யோசித்துப் பாருங்கள். காந்தம் அசையவில்லை, காந்தப்பாயம் மாறவில்லை. பாயம் மாறாத இடத்தில் தூண்டு மின்னியக்கு விசை இல்லை, மின்னோட்டமும் கிளம்பாது. வில்லை குளிர்கிறது, தடை சுழியமாகிறது, ஆனால் தள்ளுவதற்கு எதுவும் பிறக்கவில்லை. காந்தம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். சொல்லப்போனால், தடை சுழியமான கடத்தி, உள்ளே ஏற்கெனவே இருக்கும் புலத்தை மாறவே விடாது. புலம் இருந்தால் இருந்தபடி, இல்லையென்றால் இல்லாதபடி. அதற்குக் கடந்த காலம் முக்கியம்.

1933-இல் பெர்லினில் வால்தர் மைஸ்னரும் ராபர்ட் ஆக்சென்ஃபெல்டும் செய்தது இந்தச் சோதனையின் நுட்பமான வடிவம். வெள்ளீயம், ஈயம் ஆகிய உலோகங்களால் ஆன உருளைகளைக் காந்தப்புலத்தில் வைத்தபடியே குளிரவைத்து, வெளியே பக்கத்தில் புலம் எப்படி மாறுகிறது என்று ஒரு சிறு கம்பிச்சுருளால் அளந்தார்கள். புலம் மாறாது என்றுதான் அன்றைய கணக்கு சொன்னது. ஆனால் மாறுநிலை வெப்பநிலையைத் தாண்டியதும் உருளைக்கு வெளியே புலம் கூடியது. உள்ளே இருந்த காந்தக்கோடுகள் வெளியே தள்ளப்பட்டுப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. யாரும் எந்தக் காந்தத்தையும் நகர்த்தவில்லை. உலோகம் குளிர்ந்தது, அவ்வளவுதான். மின்னோட்டம் தானாகவே எழுந்திருக்கிறது.

இதை ஃபாரடே விதியால் விளக்கவே முடியாது. மீக்கடத்தி என்பது "தடை இல்லாத செம்பு" அல்ல, பொருளின் தனி ஒரு நிலை என்பது இங்கேதான் தெரிகிறது. அதற்குக் கடந்த காலம் முக்கியமில்லை. காந்தத்தை முதலில் வைத்தாலும் பிறகு வைத்தாலும், குளிர்ந்தபின் உள்ளே புலம் சுழியம். 1935-இல் ஃபிரிட்ஸ், ஹெய்ன்ஸ் என்ற லண்டன் சகோதரர்கள் (லண்டன் என்பது அவர்களுடைய குடும்பப் பெயர்) இதற்குச் சமன்பாடு எழுதினார்கள். அதன்படி புலம் மேற்பரப்பில் ஒரு மெல்லிய தோல் ஆழத்துக்குள் தேய்ந்து மறைந்துவிடும். பொருளைப் பொறுத்து அந்த ஆழம் சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர். காந்தத்தைத் தாங்கும் மின்னோட்டம் முழுவதும் அந்தத் தோலில்தான் ஓடுகிறது.

ஏன் இப்படி ஒரு நிலை? 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் சாதாரண உலோகங்களுக்கு விடை சொன்னார்கள். கடுங்குளிரில், அணிக்கோவையின் அதிர்வுகள் இடைத்தரகராக நின்று எலக்ட்ரான்களை இரண்டிரண்டாகச் சோடி சேர்க்கின்றன. அந்தச் சோடிகள் எல்லாமே ஒரே குவாண்டம் நிலையில் இணைந்துவிடுகின்றன. தடை என்பது எலக்ட்ரான்கள் தனித்தனியாக அதிர்வுகளிலும் மாசுகளிலும் மோதிச் சிதறுவதால் வருவது. சோடியைச் சிதறடிக்க வேண்டுமானால் அதைப் பிரிக்கத் தேவையான ஆற்றலைக் கொடுத்தாக வேண்டும். அந்தக் குளிரில் அவ்வளவு ஆற்றலோடு மோதக்கூடியது பெரிதாக எதுவும் இல்லை. அதனால் ஓட்டம் ஓடியபடியே இருக்கிறது. நம் கறுப்பு வில்லையிலும் சோடிகள் உண்டு. ஆனால் அவற்றைச் சேர்த்துவைப்பது எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றுவரை ஒரே கருத்து இல்லை.

காந்தத்தைத் தூக்க ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். சோடி சேர்வதால் பொருளின் ஆற்றல் குறைகிறது. அந்த மிச்சத்தைச் செலவழித்துத்தான் புலம் வெளியே தள்ளப்படுகிறது. ஒரு கன மீட்டரிலிருந்து B புலத்தைத் தள்ளிவைக்க ஆகும் செலவு இது:

B² / 2μ₀

இந்தச் செலவு, சோடி சேர்ந்ததால் வந்த மிச்சத்தைத் தாண்டிவிட்டால் மீக்கடத்தும் நிலையே கலைந்துவிடும். ஈயத்துக்கு அந்த எல்லை, எவ்வளவு குளிரவைத்தாலும், சுமார் 0.08 டெஸ்லாதான். வலுவான நியோடிமியம் காந்தத்தின் முகத்தில் 0.3 டெஸ்லாவுக்கு மேல் இருக்கும். அதை ஈயத்தோடு ஒட்டி வைத்தால் அந்த இடத்தில் ஈயம் மறுபடி வெறும் ஈயமாகிவிடும். தடையில்லாத கம்பியைச் சுற்றிப் பெரிய பெரிய மின்காந்தங்கள் செய்யலாம் என்ற ஓனஸின் ஆசை நிறைவேறாமல் போனது இதனால்தான்.

அதே B²/2μ₀ இன்னொரு வேலையும் செய்யும். அதை அழுத்தமாகவும் படிக்கலாம். மீக்கடத்தியின் மேற்பரப்பை ஒட்டி B அளவு புலம் இருந்தால், காந்தத்துக்கும் வில்லைக்கும் நடுவே அவ்வளவு அழுத்தம் இருக்கிறது. 10 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் வட்டை எடுத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய 3 கிராம், அதாவது 0.029 நியூட்டன். அதன் அடிப்பரப்பு 0.79 சதுர செ.மீ. இதைத் தாங்க எவ்வளவு புலம் வேண்டும்? 0.03 டெஸ்லாவைப் போட்டுப் பாருங்கள். அழுத்தம் சுமார் 360 பாஸ்கல் வரும். பரப்பால் பெருக்கினால் 0.028 நியூட்டன். கிட்டத்தட்ட சரியாக வந்துவிட்டது. உண்மையில் புலம் வட்டின் அடியோடு நிற்காமல் பக்கவாட்டிலும் பரவும் என்பதால் இது தோராயம்தான். ஆனால் காந்தம் எந்த உயரத்தில் நிற்கும் என்பது இதிலிருந்து புரியும். தன் புலம் வில்லையின் மேல் ஒரு டெஸ்லாவில் நூறில் சில பங்காகக் குறையும் உயரத்தில் நிற்கும். இன்னும் கீழே அழுத்தினால் புலம் கூடும், அழுத்தம் அதன் இருமடியாகக் கூடும், விட்டதும் திரும்ப மேலே வரும்.

இதுவரை சொன்னதை வைத்து வில்லையின் மேல் உண்மையிலேயே காந்தத்தை வைத்துக் குளிரவைத்தீர்கள் என்றால், ஏமாற்றம் காத்திருக்கிறது. நான் படித்த கல்லூரியில் தேசிய அறிவியல் தினத்துக்கு வரும் பள்ளி மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டும் வேலை எங்களிடம் வந்தது. எங்களிடம் இரண்டு வில்லைகள் இருந்தன. இரண்டுமே இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த YBa₂Cu₃O₇. மாறுநிலை வெப்பநிலை சுமார் 93 கெல்வின். திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிக்கிறது என்பதால் அதுவே போதும், விலை உயர்ந்த ஹீலியம் வேண்டாம். ஒரு வில்லை, பொடியை அழுத்திச் சூளையில் சுட்டது. இன்னொன்று, உருக்கி மெதுவாகப் படிகமாக வளரவிட்டது. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு.

சுட்ட வில்லையில் காந்தத்தை முதலில் வைத்துக் குளிரவைத்தால், அது லேசாக நடுங்கி எழும்பும். ஆனால் குளிரவைத்த பிறகு வைக்கும்போது நிற்கும் உயரத்துக்கு வராது. படிக வில்லையில் காந்தம் எழும்பவே எழும்பாது! உட்கார்ந்த இடத்திலேயே இறுகிவிடும். இடுக்கியால் எடுக்கப்போனால் வில்லையும் கூடவே கிளம்பி வரும். மைஸ்னர் விளைவு எங்கே போயிற்று என்று மாணவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான்.

இந்தப் பொருள் ஈயத்தைப் போன்றது அல்ல. இதை இரண்டாம் வகை மீக்கடத்தி என்பார்கள். புலம் மிகக் குறைவாக இருக்கும்வரை அதை முழுதாக வெளியே தள்ளும். அதற்கு மேல் போனால் சண்டை போடாமல் ஒரு சமரசத்துக்கு வரும். காந்தப்புலத்தை மெல்லிய குழாய்களாகத் தன்னூடே போகவிடும். குழாயின் நடுப்பகுதி சாதாரணப் பொருளாக மாறிவிடும். அதைச் சுற்றி மீக்கடத்து மின்னோட்டம் சுழலும். குழாய்களுக்கு இடைப்பட்ட பகுதி மீக்கடத்தியாகவே இருக்கும். இப்படி நடக்கும் என்று 1957-இல் சோவியத் நாட்டின் அப்ரிகோசவ் கணக்கிட்டுச் சொன்னார். ஒவ்வொரு குழாயிலும் இருக்கும் காந்தப்பாயம் ஒரே அளவு, 2.07 × 10⁻¹⁵ வெபர். அது h/2e. அடியில் இருக்கும் அந்த 2, எலக்ட்ரான்கள் சோடியாகத்தான் போகின்றன என்பதற்குச் சாட்சி. மேலே சொன்ன வட்டின் அடியில் 0.03 டெஸ்லா புலம் முழுவதும் வில்லைக்குள் புகுந்தால், குழாய்கள் எத்தனை? வகுத்துப் பாருங்கள், நூறு கோடிக்கு மேல் வரும்.

இந்தக் குழாய்கள் சுதந்திரமாக நகர முடிந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பொருளில் குறைகள் இருக்கின்றன. படிகத்தில் பிசகு, ஆக்சிஜன் இல்லாத இடம், வேறு பொருளின் துகள். ஏற்கெனவே மீக்கடத்தாத ஓரிடத்தின் வழியாகக் குழாய் போனால், அதன் நடுப்பகுதிக்காக மீக்கடத்தும் நிலையைப் புதிதாகக் கலைக்க வேண்டியதில்லை. ஆற்றல் மிச்சம். அதனால் குழாய்கள் அந்தக் குறைகளில் போய், முள்ளில் மாட்டிய வேட்டியைப்போல மாட்டிக்கொள்ளும். படிக வில்லையைச் செய்பவர்கள் இதை வேண்டுமென்றே கூட்டுகிறார்கள். Y₂BaCuO₅ என்ற பச்சை நிறப் பொருளின் நுண்துகள்களைக் கறுப்புப் படிகத்துக்குள் தூவிவிடுவார்கள். அது மீக்கடத்தி அல்ல, குழாய்களைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. சுட்ட வில்லையில் பிடிப்பு அவ்வளவு வலுவில்லை, அதனால்தான் அதில் காந்தம் கொஞ்சமாவது எழும்பியது.

வீடியோக்களில் மிகவும் வியப்பூட்டும் காட்சிகள் எல்லாம் இந்தப் பிடிப்பால் வருபவைதான். தலைகீழாகத் தொங்கும் காந்தம், சாய்த்து வைத்தால் சாய்ந்தபடியே நிற்கும் காந்தம், தண்டவாளத்தில் ஓடும் வில்லை. வெறும் மைஸ்னர் விளைவு விலக்கத்தான் செய்யும், தொங்கவிடாது. காந்தத்தை நகர்த்தினால் வில்லைக்குள் புலத்தின் அமைப்பு மாற வேண்டும். அதற்குக் கோடிக்கணக்கான குழாய்களைப் பிடிப்பிலிருந்து பிய்க்க வேண்டும். அது நடக்காததால் காந்தம் மேலேயும் போகாது, கீழேயும் வராது. வட்டமான காந்தம் தன் அச்சில் மட்டும் தடையின்றிச் சுற்றும். சுற்றினாலும் அதன் புலம் மாறுவதில்லை, குழாய்களுக்கு அது தெரியவே தெரியாது. சதுரக் காந்தத்தை வைத்துச் சுற்றிப் பாருங்கள், அடம்பிடிக்கும்.

ஆக, படிக வில்லையில் மிதவை காட்ட வேண்டுமானால், காந்தத்தின் அடியில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மரத்துண்டோ அட்டையோ வைத்துவிட்டுக் குளிரவைக்க வேண்டும். குளிர்ந்ததும் துண்டை உருவி எடுத்தால், காந்தம் எந்த உயரத்தில் இருந்ததோ கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். மைஸ்னர் விளைவைத்தான் காட்ட வேண்டும் என்றால் சுட்ட வில்லையே நல்லது. என்னைக் கேட்டால் பள்ளிக்கு இரண்டையும் எடுத்துப்போக வேண்டும். ஒன்றை மட்டும் காட்டிவிட்டு இன்னொன்றின் விளக்கத்தைச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கிறது.

செய்துபார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், ஆசிரியர் கூட இருக்கையில், சில விஷயங்களைக் கவனியுங்கள். நைட்ரஜன் ஊற்றியதும் கொதிக்கும். வில்லை முழுதாகக் குளிரும் தறுவாயில் கொதிப்பு ஒருமுறை மூர்க்கமாகப் பொங்கிவிட்டு, சட்டென்று அடங்கும். அந்த அடங்கலுக்குப் பிறகுதான் காந்தத்தைக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் வில்லையின் மேல்பாதி இன்னும் 93 கெல்வினுக்கு மேலேயே இருக்கும், காந்தம் சும்மா உட்காரும். இடுக்கி பிளாஸ்டிக்காகவோ மூங்கிலாகவோ இருக்கட்டும், இரும்பு இடுக்கி என்றால் காந்தம் அதோடு ஒட்டிக்கொண்டு விடவே விடாது. நைட்ரஜனை மூடிபோட்ட பாட்டிலில் ஒருபோதும் அடைக்கக் கூடாது, வெடித்துவிடும். அறையில் காற்றோட்டம் வேண்டும், ஏனென்றால் ஆவியாகும் நைட்ரஜன் மூச்சுக் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிகழ்ச்சி முடிந்ததும் வில்லையின் மேல் உறைபனி படிந்து, பிறகு உருகி ஈரமாகும். இந்தப் பொருளுக்கு ஈரம் ஆகாது. துடைத்து, இளஞ்சூட்டில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைக்காவிட்டால், நாளடைவில் மேலே வெண்படலம் பூத்து, மிதக்கும் உயரம் குறைந்துகொண்டே போகும்.

இன்னொரு பக்கம், மிதப்பதெல்லாம் மீக்கடத்தி இல்லை. நியோடிமியம் காந்தங்களை மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பைரோலிட்டிக் கிராஃபைட் என்ற கார்பன் வகையின் மெல்லிய தகட்டை வைத்தால், அறை வெப்பநிலையிலேயே அது மிதக்கும். அதுவும் டயா காந்தம்தான், ஆனால் மிகப் பலவீனமானது. காந்தப்புலத்தை அது தள்ளுவது மீக்கடத்தி தள்ளுவதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் தடை சுழியமும் அல்ல.

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருளைப் பற்றி அறிவிப்பு வந்தபோது இதெல்லாம் கைகொடுத்தது. ஈயம், செம்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன் கலந்த சாம்பல் நிறத் துண்டு, அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்றார்கள். வீடியோவில் துண்டு காந்தத்தின் மேல் ஒரு பக்கம் தூக்கியபடி நின்றது, மறு விளிம்பு காந்தத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தடை திடீரென்று விழும் வரைபடமும் இருந்தது. புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட உலகெங்கும் பல குழுக்கள் அதைச் செய்துபார்த்தன. தடை விழுந்தது உண்மைதான், ஆனால் சுழியத்துக்கு அல்ல. மாதிரிகளில் மாசாகக் கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு நூறு டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும், தடையும் அங்கே பல மடங்கு மாறும். ஒரு விளிம்பில் நின்றதற்குச் சில மாதிரிகளில் இருந்த சாதாரண ஃபெர்ரோ காந்தத்தன்மையே போதும். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் மாசில்லாத ஒற்றைப் படிகங்களாக வளர்த்துப் பார்த்தார்கள். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும்படி இருந்தன. தடையை அளந்தார்கள், மில்லியன் ஓம் கணக்கில் வந்தது. மீக்கடத்தி அல்ல, மின்கடத்தாப்பொருள்.